400 கலோரிக்குள் காலையுணவு

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் காலை ஆகாரம் என்றால் புட்டும், இடியப்பமும், ரொட்டியும் நினைவுக்கு வரும். அவற்றோடு சட்டித் தயிரும் வாழைப்பழமும் சீனியும் சேர்ந்துவிட்டால் பின்னர் சொல்ல வேண்டியதில்லை. வயல் வேலைக்கும் கடல் தொழிலுக்கும் விடியற்காலையிலேயே புறப்பட்ட நம் முன்னோருக்கு அந்த ஆகாரம் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் இன்று பாடசாலையிலும், காரியாலயத்திலும், கடையின் மேசைக்குப் பின்னாலும் அமர்ந்து நாளைக் கழிப்போர் நம்மிடையே மிகுந்துவிட்டனர். நீரிழிவும் உடற்பருமனும் இல்லாத குடும்பம் அரிதாகி வருகிறது. 'நிறையைக் குறையுங்கள், கலோரியை எண்ணுங்கள், புரதத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்' என்று வைத்தியர் சொல்லி அனுப்புகிறார். வீட்டுக்கு வந்ததும், 'அது எப்படி?' என்று உம்மா கேட்கிறார். வாப்பாவுக்கு விடை தெரிவதில்லை.

அந்தக் கேள்விக்கு ஓட்ஸ், தயிர், கச்சான், முட்டை ஆகிய நான்கு பொருள்களைக் கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான்கும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை. கணக்கும் கடினமானதன்று, நான்காம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கூட்டலும் பெருக்கலுமே வேண்டும்.

கலோரி என்பது என்ன?

நாம் உண்ணும் உணவு உடலுக்குத் தரும் சக்தியை அளக்கும் அலகே கலோரி. அமெரிக்க இரசாயன அறிஞரான வில்பர் அட்வாட்டர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்வேறு உணவுகளைச் சோதித்து ஒரு பொது விதியை வகுத்தார். புரதம் ஒரு கிராம் 4 கலோரி தரும். மாச்சத்தும் சீனியும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு ஒரு கிராம் 9 கலோரி தரும். இன்றும் உணவுப் பொதிகளில் அச்சிடப்படும் எண்கள் பெரும்பாலும் இவ்விதியைத் தழுவியே கணிக்கப்படுகின்றன.

இவ்விதியிலிருந்து ஓர் உண்மை புலனாகும். ஒரே அளவு புரதத்தைத் தரும் இரண்டு உணவுகளில், கொழுப்பு மிகுந்த உணவு கலோரியை மிகுதியாக வாங்கிக்கொள்ளும். கடையில் பொருள் வாங்கும்போது, 'ஒரு கிலோ என்ன விலை?' என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோலவே, 'ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை கலோரி விலை?' என்று ஒவ்வோர் உணவையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கலோரிக்கு வரம்பு இட்டுக்கொண்டவருக்கு இக்கேள்வி ஒன்றே வழிகாட்டி.

கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடைகள் இவை. முட்டையின் வெள்ளைக் கருவில் ஒரு கிராம் புரதத்தின் விலை ஏறத்தாழ 5 கலோரி. முழு முட்டையில் அது 11 கலோரி. பசுப்பால் தயிரில் 18, கச்சானில் 22, எருமைத் தயிரில் 25, ஓட்ஸில் 29, மரமுந்திரிகைப் பருப்பில் 30. தேங்காய்ப்பூவிலோ 100 கலோரிக்கும் மேல். சீனியில் புரதமே இல்லையாதலால் அதற்கு விலை சொல்லவே இயலாது.

இப்பட்டியலைக் காணும் பலருக்கு வியப்பு உண்டாகலாம். 'ஓட்ஸ் புரதச் சத்து மிக்கது' என்று கேள்விப்பட்டிருப்போம். அரிசியோடு ஒப்பிட்டால் அது உண்மையே. ஆனால் முட்டையோடு ஒப்பிட்டால் ஓட்ஸ் பின்வரிசையிலேயே நிற்கிறது. ஆகவே ஓட்ஸைக் கிண்ணம் நிறைய உண்டு புரதம் பெறலாம் என்று எண்ணுவது தவறு. அதனிடம் நாம் பெற வேண்டியது வேறொன்று. அதைப் பின்னர்க் காண்போம்.

பழைய காலையுணவின் கணக்கு

முதலில் நமக்குப் பழக்கமான தயிர்ப் புட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 100 கிராம் அரிசி மா, 40 கிராம் தேங்காய்ப்பூ, 150 கிராம் எருமைத் தயிர், 25 கிராம் சீனி என்று வைப்போம். பசியோடு அமரும் ஒருவருக்கு இது மிகையான அளவன்று. அரிசி மா ஏறத்தாழ 365 கலோரியும் 6 கிராம் புரதமும் தரும். தேங்காய்ப்பூ 140 கலோரியும் ஒரு கிராம் புரதமும் தரும். தயிர் 150 கலோரியும் 6 கிராம் புரதமும் தரும். சீனி 100 கலோரி தரும், புரதம் தராது. ஆக மொத்தம் 755 கலோரி. புரதமோ 13 கிராம் மட்டுமே.

நாளொன்றுக்கு 1,500 அல்லது 1,600 கலோரி என்று வரம்பு பெற்ற ஒருவர், அதில் பாதியைக் காலையிலேயே முடித்துவிடுகிறார். 60 கிலோ நிறையுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். அதில் நான்கில் ஒரு பங்கே காலையில் கிடைத்திருக்கிறது. புரதம் பசியை நெடுநேரம் தாங்கும் இயல்புடையது. அது குறைந்து, மாவும் சீனியும் மிகுந்த காலையுணவை உண்டவர் பத்து மணிக்கே தேநீரையும் பணிஸையும் தேடுவதில் வியப்பில்லை.

புதிய தட்டு

இனி 40 வயதுள்ள, 60 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நிறையுள்ள ஓர் ஆசிரியருக்காகக் காலையுணவு ஒன்றைத் திட்டமிடுவோம். வரம்பு 400 கலோரி. அதற்குள் 25 கிராம் புரதம், அதாவது நாள் தேவையில் ஏறத்தாழப் பாதி, அவருக்குக் கிடைக்க வேண்டும்.

விலை குறைந்த பொருளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது முறை. ஆகவே முட்டை முதலிடம் பெறுகிறது. ஒரு முழு முட்டை 70 கலோரியும் 6 கிராம் புரதமும் தரும். அதனோடு இன்னும் இரண்டு முட்டைகளின் வெள்ளைக் கருவை மட்டும் சேர்த்தால் 35 கலோரியும் 7 கிராம் புரதமும் கூடும். இதுவரை 105 கலோரி. 13 கிராம் புரதம். வேண்டிய புரதத்தில் பாதிக்குமேல் வந்துவிட்டது. கலோரியில் காற்பங்குதான் செலவாயிற்று.

அடுத்து, பசுப்பால் தயிர் 150 கிராம். இது 90 கலோரியும் 5 கிராம் புரதமும் தரும். பின்னர், ஓட்ஸ் 35 கிராம். அது 135 கலோரியும் நாலரைக் கிராம் புரதமும் தரும். இறுதியாக, வறுத்த கச்சான் 10 கிராம். அது 60 கலோரியும் இரண்டரைக் கிராம் புரதமும் தரும். எல்லாவற்றையும் கூட்டினால் 390 கலோரி. 25 கிராம் புரதம். சீனியில்லாத வெறுந் தேநீருக்கும் இடம் இருக்கிறது.

எஞ்சிய இரண்டு மஞ்சட் கருக்களை எறிந்துவிட வேண்டாம். புரதத்தில் ஒரு பகுதியும், உயிர்ச்சத்துகள் பலவும் அவற்றில்தான் உள்ளன. வளரும் பிள்ளைகளின் முட்டைப் பொரியலில் அவற்றைச் சேர்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு 400 கலோரி வரம்பு பொருந்தாது. ஒரே அடுப்பில் இருவேறு தேவைகளும் நிறைவேறும்.

ஓட்ஸைப் பற்றி முன்னர்க் கூறியதை இங்கு நினைவுகூரலாம். அதன் சிறப்பு புரதத்தில் இல்லை. 'பீட்டா குளூக்கன்' என்னும் கரையக்கூடிய நாரில் இருக்கிறது. ஓட்ஸ் கஞ்சி வழுவழுப்பாக இருப்பது அதனாலேயே. அந்த நார் உணவு குடலில் மெல்ல நகரும்படி செய்கிறது. இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலையும் சற்றுக் குறைக்கிறது. இதனை 1997ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் ஏற்றுக்கொண்டு, ஓட்ஸ் பொதிகளில் அவ்வாறு குறிப்பிட அனுமதித்தது. தானியப் புரதங்களில் லைசின் என்னும் பகுதி குறைவு. தயிரிலும் முட்டையிலும் அது நிறைந்திருப்பதால், மூன்றையும் ஒன்றாக உண்ணும்போது அக்குறை நீங்கிவிடுகிறது.

ஓட்ஸ் இறக்குமதிப் பண்டமாதலால் விலை ஏறும் காலங்கள் உண்டு. அப்போது அதே 35 கிராம் அளவில் குரக்கன் மாவைக் கூழாகக் காய்ச்சிக்கொள்ளலாம். கலோரி சற்றுக் குறையும். புரதம் ஏறத்தாழ 2 கிராம் குறையும். இன்னொரு வெள்ளைக் கரு அதனை ஈடு செய்து மீதியும் தரும்.

எருமைத் தயிர் எனும் சிக்கல்

நம் பகுதியில் தயிர் என்றாலே பலருக்கு மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர்தான். அதன் சுவையைக் குறைத்துச் சொல்ல நாம் துணியோம். ஆயினும் கணக்கில் அதுவே பலரைக் கவிழ்த்துவிடுகிறது. பசுப்பாலில் நூற்றுக்கு மூன்றரை அல்லது நான்கு பங்கு கொழுப்பு இருக்கும். எருமைப்பாலிலோ ஏறத்தாழ ஏழு பங்கு. ஆகவே 150 கிராம் எருமைத் தயிர் தரும் 150 கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பிலிருந்தே வருகிறது. புரதம் 6 கிராம்தான்.

மேற்சொன்ன தட்டில் பசுத் தயிருக்குப் பதிலாக அதே அளவு எருமைத் தயிரை வைத்தால் மொத்தம் 450 கலோரியாகி வரம்பைத் தாண்டிவிடும். அதற்காக எருமைத் தயிரை விலக்க வேண்டியதில்லை. அளவை 100 கிராமாகக் குறைத்தால் மொத்தம் சரியாக 400 கலோரியில் நிற்கும். புரதம் 24 கிராம் கிடைக்கும். அல்லது 150 கிராமையே உண்டு, கச்சானை விட்டுவிடலாம். அப்போது 390 கலோரியும் இருபத்து மூன்றரைக் கிராம் புரதமும் ஆகும். எதை விடுவது என்பதை உண்பவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால் அது கெட்டியாகிப் புரதம் மிகுந்ததாகும் என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மை. வடியும் நீரோடு சிறிது பால்வெல்லம் போகும். கொழுப்பு முழுவதும் துணியிலேயே தங்கிவிடும். கரண்டிக்குக் கரண்டி புரதம் கூடும். அதனோடு கொழுப்பும் கூடும். எருமைத் தயிரில் இதைவிடப் பயனுள்ள செயல், மேலே படர்ந்திருக்கும் ஆடையை எடுத்துவிடுவதே. பாலிலுள்ள கொழுப்பு மேலே எழுந்து ஆடையாகத் திரள்வதால், அதை நீக்கினால் கொழுப்பில் ஒரு பகுதி நீங்கும்.

சிறு கோப்பைகளில் விற்கும் யோகட் பெரும்பாலும் சீனி சேர்த்ததாகவே இருக்கும். அதைத் தயிருக்குப் பதிலாகக் கொள்வதற்கு முன் பொதியின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும்.

சமைக்கும் முறை

35 கிராம் ஓட்ஸை ஒரு கோப்பை நீரில் சிறிது உப்பிட்டு, ஐந்து நிமிடம் கிண்டிக் காய்ச்சுக. இறக்கி இளஞ்சூடாகும் வரை ஆறவிடுக. பின்னரே தயிரைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் ஊற்றினால் தயிர் திரிந்து நீர் வேறு, கட்டி வேறாகப் பிரிந்துவிடும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் தயிர்ச் சோற்றின் சுவை வரும். கச்சானை உடைத்து மேலே தூவிக்கொள்க.

தாளிக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. கடுகு வெடிப்பதற்காக ஊற்றும் அந்த ஒரு கரண்டி, நாம் கூட்டிக் கழித்துத் திட்டமிட்டதை எல்லாம் கெடுத்துவிடும். முட்டையையும் பொரிக்காமல் அவித்தே உண்க. கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் வெந்தால் கரு முழுதும் இறுகும். குளிர்ந்த நீரில் போட்டு உரித்துப் பிளந்தால் மஞ்சட் கரு தனியே வந்துவிடும். முட்டையைப் பச்சையாகக் குடிப்பது பலம் என்பது பிழையான நம்பிக்கை. பச்சை வெள்ளைக் கருவின் புரதம் நன்கு செரிப்பதில்லை. நோய்க்கிருமி இருக்கவும் கூடும்.

ஓட்ஸை இரவே தயிரில் ஊறவைக்கும் வழக்கம் குளிர் நாடுகளிலிருந்து வந்தது. நமது கரையோரத்து வெப்பத்தில் வெளியே வைத்தால் விடிவதற்குள் தயிர் புளித்துப் பொங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டி உள்ளோர் மட்டும் அவ்வாறு செய்யலாம்.

கச்சானை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரக் காற்று மிகுந்த ஊர்களில் அது எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக் கூடியது. வறுத்தாலும் அந்நஞ்சு முற்றாக அழிவதில்லை. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் பருப்புகளை எறிந்துவிடுக. சிறிது சிறிதாக வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் வைத்துக்கொள்க.

எங்கே பிழைக்கிறது?

திட்டத்தைத் தவறாது பின்பற்றியும் நிறை குறையவில்லை என்போர் உண்டு. பெரும்பாலும் பிழை கையளவில் இருக்கும். 'ஒரு பிடி கச்சான்' என்று அள்ளினால் 30 கிராம் வந்துவிடும். அது 170 கலோரி. நமக்கு வேண்டியது தட்டையாக நிரப்பிய ஒரு மேசைக்கரண்டிதான். ஓட்ஸும் அப்படியே. வீட்டுக் கோப்பைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

தராசு இல்லாதவருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. 500 கிராம் ஓட்ஸ் பொதி ஒன்றைத் திறந்த நாளை அதன் மேலேயே எழுதிவைக்கவும். ஒருவர் நாளொன்றுக்கு 35 கிராம் எடுத்தால் அது 14 நாள் வர வேண்டும். பத்தாம் நாளே தீர்ந்துவிட்டால் அவர் நாள்தோறும் 50 கிராம் உண்டிருக்கிறார் என்பது தெளிவு. அதனால் மட்டும் ஏறத்தாழ 55 கலோரி கூடியிருக்கும்.

மற்றொரு பிழை தேநீரில் ஒளிந்திருக்கும். இரண்டு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 35 கலோரி. டின்பால் ஒரு மேசைக்கரண்டி 65 கலோரி. தட்டை எண்ணிவிட்டுக் கோப்பையை எண்ணாமல் விடுவது கணக்காகாது. முட்டையிலும் வேறுபாடு உண்டு. நாம் கூறிய எண்கள் கடையில் விற்கும் பெரிய முட்டைக்கு உரியவை. நாட்டுக்கோழி முட்டை சிறியதாதலால் அதன் புரதமும் குறைவு.

நோன்புக் காலத்தில்

றமழான் மாதத்தில் காலையுணவின் இடத்தை ஸஹர் உணவு பெறுகிறது. நம் நாட்டில் நோன்பு 13 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது. அந்நேரம் முழுதும் பசியைத் தாங்க, வெறுஞ் சோற்றைவிடப் புரதமும் நாரும் உள்ள இத்தட்டே உதவும். ஆயின் இரண்டு வேளையே உண்ணும் மாதமாதலால் 400 கலோரி என்னும் வரம்பை ஸஹருக்கு அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஒரு வாழைப்பழத்தையும் இன்னும் சிறிது ஓட்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். உப்பைக் குறைத்து, நீரைப் போதிய அளவு அருந்துக. உப்பு மிகுந்தால் பகலில் தாகம் வாட்டும்.

யாருக்கு ஆகாது?

இத்திட்டம் எல்லோருக்கும் உரியதன்று. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை வைத்தியரே வரையறுக்க வேண்டும். அவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டுவது தீங்காக முடியும். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ பெறுவோர் திடீரென்று மாச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவாளருக்கு இது இன்னும் முக்கியம். கருவுற்ற தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் கலோரி வரம்பு கூடாது. கச்சானோ முட்டையோ உடம்புக்கு ஒவ்வாதவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம்.

மற்றவர்கள் கீழ்வரும் வரிகளை ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்:

முழு முட்டை 1: 70 கலோரி, 6 கிராம் புரதம்.
வெள்ளைக் கரு 2: 35 கலோரி, 7 கிராம்.
பசுத் தயிர் 150 கிராம்: 90 கலோரி, 5 கிராம்.
ஓட்ஸ் 35 கிராம்: 135 கலோரி, நாலரைக் கிராம்.
கச்சான் 10 கிராம்: 60 கலோரி, இரண்டரைக் கிராம்.
மொத்தம்: 390 கலோரி, 25 கிராம் புரதம்.

இரண்டு வாரம் இவ்வாறு உண்டு, வாரத்தில் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கவும். பதினொரு மணிவரை பசி தலைகாட்டாமல், நிறையும் மெல்ல இறங்குமானால் அளவு சரியே. பசி முன்னதாக வந்தால் ஓட்ஸைக் கூட்ட வேண்டாம். இன்னொரு வெள்ளைக் கருவைக் கூட்டுக. நிறை அசையாமல் நின்றால், முட்டையின் மீது கை வைக்குமுன் கச்சான் போத்தலையும் தேநீர்க் கோப்பையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். தயிர்ப் புட்டையும் அடியோடு துறக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் அளவோடு உண்டு, அன்றைய பகலுணவைச் சுருக்கிக்கொள்ளலாம்.